நான்கு வரியும் உண்மையாக இருக்கட்டும்: எமது விஞ்ஞானக் கழகத்தின் கிளெரிஹியூ



எமது பாடசாலை விஞ்ஞானக் கழகத்தின் நகைச்சுவை மாலைக்கு வந்திருந்த பெற்றார் பலர், மேடையில் பிள்ளைகள் வாசித்த அந்தக் குட்டிக் கவிதைகளை எழுத்தில் கேட்டிருந்தார்கள். வத்தளையில் கடைக்குப் போகும்போதும் மறித்துக் கேட்கிறார்கள். கவிதைகளை மட்டும் போட்டால் பாதிக் கதைதான் வரும். அவை எப்படி வந்தன, எத்தனை வரிகள் வெட்டுப்பட்டன என்பதில்தான் பிள்ளைகள் விஞ்ஞானம் படித்தார்கள். ஆகவே கழகப் பொறுப்பாசிரியர்களான நாங்கள் மூவரும் சேர்ந்து சற்று நீளமாகவே எழுதுகிறோம். நேரமுள்ளோர் வாசியுங்கள்.

இந்த வகைக் கவிதைக்குப் பெயர் கிளெரிஹியூ. நான்கே வரி. முதலாம் வரி ஒரு பிரபல்யமான மனிதரின் பெயரில் முடியும். இரண்டாம் வரி அந்தப் பெயரோடு ஒலி ஒத்து முடிய வேண்டும். மூன்றாவதும் நான்காவதும் தங்களுக்குள் ஒத்து முடியும். வரிகள் ஒரே அளவாக இருக்கக் கூடாது. ஒன்று இரண்டு சொல்லிலும் முடியலாம், இன்னொன்று மூச்சுமுட்ட நீளலாம். தாளம் தப்புவதுதான் இதன் சிரிப்பு. எங்கள் பிள்ளைகளுக்கு இதுதான் முதலில் கஷ்டமாக இருந்தது. வரிகளைக் கொடுத்தால் உடனே இழுத்துப் பிடித்து ஒரு பாட்டு மெட்டில் உட்கார வைத்துவிடுவார்கள். மெட்டில் உட்கார்ந்ததும் அது வாழ்த்துப்பா ஆகிவிடும், ஒருவருக்கும் சிரிப்பு வராது.

இதைத் தொடங்கியவரும் ஒரு பாடசாலைப் பொடியன்தான். 1890ஆம் ஆண்டளவில் லண்டன் சென் போல்ஸ் பாடசாலையில் படித்த எட்மண்ட் கிளெரிஹியூ பென்ட்லி, பதினாறு வயதில், விஞ்ஞான பாட நேரத்தில், ஹம்ப்ரி டேவி என்ற இரசாயனவியலாளரைப் பற்றி நான்கு வரி எழுதினார். பிறகு கூட்டாளிமாரோடு சேர்ந்து ஒரு கொப்பியையே நிரப்பினார். 1905இல் அவை புத்தகமாக வந்தபோது படம் வரைந்து கொடுத்தவர் அதே பாடசாலைக் கூட்டாளியான செஸ்டர்டன். கிளெரிஹியூ என்பது பென்ட்லியின் நடுப்பெயர். அதுவே கவிதை வகைக்கும் பெயராகிவிட்டது.

ஆக உலகின் முதலாவது கிளெரிஹியூவே ஒரு விஞ்ஞானியைப் பற்றியது, அதுவும் வகுப்பறையில் பிறந்தது. விஞ்ஞானக் கழகத்துக்கு இதைவிடப் பொருத்தம் வேறென்ன என்றுதான் நாங்கள் தெரிவு செய்தோம்.

ஆனால் அந்த முதல் கவிதையில் ஒரு விஷயம் இருக்கிறது. டேவி சோடியத்தைக் கண்டுபிடித்தது உண்மை. 1807 ஒக்டோபரில், உருக்கிய காரத்தை மின்பகுப்புச் செய்து எடுத்தார். ஆனால் அதே கவிதை, டேவிக்கு ஒரு குழம்பு வகை அறவே பிடிக்காது என்றும் சொல்கிறது. ஆங்கிலத்தில் அந்தக் குழம்பின் பெயர் டேவியோடு ஒலி ஒத்து வருகிறது, அதைத் தவிர வேறு ஆதாரம் கிடையாது. மெய் ஒன்று, பொய் ஒன்று. கிளெரிஹியூ என்றால் பொதுவாக இப்படித்தான்.

ஒத்திகையில் இதைக் கேட்டுக்கொண்டிருந்த எமது இஸ்லாம் பாட ஆசிரியர், “சிரிக்க வைக்கிறதுக்காகப் பொய் சொல்லலாமா?” என்று கேட்டார். நிகழ்ச்சியைக் குழப்புகிற நோக்கத்தில் அவர் கேட்கவில்லை, எங்களைவிட அதிகமாகச் சிரித்தவரும் அவர்தான். ஆனால் மக்களைச் சிரிக்க வைப்பதற்காகப் பொய் பேசுபவருக்குக் கேடு உண்டு என்ற கருத்தில் அபூதாவூத், திர்மிதி ஆகிய கிரந்தங்களில் வரும் ஹதீஸைப் பிள்ளைகள் அவரிடமே படித்திருக்கிறார்கள். தரம் 10 பிள்ளை ஒன்று எழும்பி, “அப்ப நபிகள் நாயகம் (ஸல்) பகிடி விட்டதே இல்லையா சேர்?” என்று கேட்டது. அவர் ஒட்டகக் கதையைச் சொன்னார். சவாரிக்கு ஒட்டகம் கேட்டு வந்தவரிடம், ஒட்டகத்தின் பிள்ளை ஒன்றைத் தருகிறேன் என்றார்கள் நபியவர்கள். குட்டியை வைத்து நான் என்ன செய்வேன் என்று வந்தவர் திகைத்தார். எந்தப் பெரிய ஒட்டகமும் இன்னோர் ஒட்டகத்தின் பிள்ளைதானே! சிரிப்பும் இருக்கிறது, ஒரு சொல்லும் பொய்யில்லை.

எங்கள் விதி அந்த இடத்தில்தான் பிறந்தது: நான்கு வரியும் உண்மையாக இருக்க வேண்டும். ஆங்கிலேயரின் விதியைவிட இது கடினம். ஒலிக்கு ஏற்ற பொய்யைப் புனைவது ஐந்து நிமிட வேலை. ஒலிக்கு ஏற்ற உண்மையைத் தேடுவதென்றால் அந்த விஞ்ஞானியின் வாழ்க்கையையே கிண்ட வேண்டும்.

தமிழில் இன்னொரு தடை, அது மொழி சார்ந்தது. ஆங்கிலத்தில் ஒரு பெயரோடு ஒலி ஒக்கும் சொல் கிடைப்பது அரிது. அந்தத் தேடலில்தான் சம்பந்தமில்லாத ஒரு பொருள் உள்ளே வந்து விழும், சிரிப்பு வரும். தமிழிலோ வினைமுற்றுகள் எல்லாம் ஒரே மாதிரி முடியும். வந்தார், தந்தார், கண்டார் என்று ஆயிரம் வரி எழுதலாம். முதல் சுற்றில் வந்தவற்றில் அரைவாசி அப்துல் கலாம் அவர்களைப் பற்றியவை. கலாம் என்றால் செய்யலாம், போகலாம், பறக்கலாம், பார்க்கலாம்! எல்லாம் ஒலி ஒக்கிறது, ஒன்றிலும் சிரிப்பில்லை. ஆகவே இரண்டாவது விதி போட்டோம்: பெயரோடு ஒத்து வருவது ஒரு பொருளின் பெயராக இருக்க வேண்டும், வினையின் வால் செல்லாது. தமிழ் ஆசிரியை ஒருவர், இது இயைபுத் தொடைதான், புதிதாக ஒன்றுமில்லை என்று ஞாபகப்படுத்தினார். எங்கள் செய்யுள்களில் எதுகையும் மோனையும்தான் கூடுதல் மரியாதை பெற்றன. வரிக் கடைசியில் வரும் இயைபு கொஞ்சம் பின்வாங்கில் உட்கார்ந்த பிள்ளை. கிளெரிஹியூ அதை முன்வாங்குக்குக் கூப்பிடுகிறது.

இரண்டு விதியும் சேர்ந்ததும் பட்டியல் மளமளவென்று சுருங்கியது. நியூட்டனின் தலையில் அப்பிள் விழுந்த கவிதை போயிற்று. தோட்டத்தில் அப்பிள் விழுந்ததைக் கண்டு யோசித்ததாக நியூட்டன் தன் முதுமையில் வில்லியம் ஸ்டூக்லி என்பவரிடம் சொன்னது பதிவாகியிருக்கிறது. தலையில் விழுந்த கதை அதில் இல்லை. ஆர்க்கிமிடீஸுக்கு “பொலீஸ்” என்று அபாரமான இயைபு கிடைத்தது. உடுப்பில்லாமல் வீதியில் ஓடியவரைப் பொலீஸ் பிடிக்காதா என்பது பிள்ளைகளின் நியாயமான சந்தேகம். ஆனால் அந்த ஓட்டத்தை எழுதிவைத்த விட்ருவியஸ் அவருக்கு ஏறத்தாழ இருநூறு வருடம் பிந்தியவர். அதோடு எங்கள் மேடைக்கு அந்த உடுப்பும் சரிவராது. அதிபர் முன்வரிசையில் இருப்பார்.

சரி, டேவிக்கு வருவோம். முதல் கிளெரிஹியூவின் கதாநாயகனுக்கே தமிழில் ஒன்று எழுதுவோம் என்று தரம் 11 பிள்ளைகள் முடிவு செய்தார்கள். “டேவி”க்கு “ஆவி” உடனே வந்தது. டேவியும் அதற்கு உரிய ஆள்தான். 1799இல் பிரிஸ்டல் நகரில், வாயுக்களை முகர வைத்து நோய் தீர்க்கப் பார்த்த ஒரு நிறுவனத்தில் அவர் வேலை செய்தார். அங்கே நைதரசு ஒட்சைட்டைப் பட்டுப் பையில் நிரப்பித் தானே இழுத்துப் பார்த்தார். சிரிப்பு வந்தது. இன்றைக்கும் அதைச் சிரிப்பூட்டும் வாயு என்கிறோம். முதல் வடிவம் இப்படி இருந்தது:

சேர் ஹம்ப்ரி டேவி
தானே இழுத்துப் பார்த்தார் சிரிப்பூட்டும் ஆவி

விசாரணை தொடங்கியது. முதல் ஆட்சேபம் “சேர்” மீது. டேவிக்கு அந்தப் பட்டம் கிடைத்தது 1812இல். ஆவியை இழுத்தபோது அவருக்கு இருபது வயது, வெறும் ஹம்ப்ரி. ஆகவே சேர் வெட்டுப்பட்டது. (ஆசிரியரை நாள் முழுக்கச் சேர் என்று கூப்பிடும் பிள்ளைகளுக்கு ஒரு சேரை வெட்டியதில் தனிச் சந்தோஷம்.)

இரண்டாவது ஆட்சேபம் பெரியது. உயர்தர பௌதிகவியல் மாணவி ஒருவர், “அது வாயு, ஆவி இல்லை, பொய்யாகிவிடும்” என்றார். இயைபே அந்தச் சொல்லில்தான் தொங்குகிறது! இரண்டு நாள் இழுபட்டது. கடைசியில் தீர்த்து வைத்தது அவரது பௌதிகவியல் கொப்பியேதான். ஒரு வாயுவை அழுத்தத்தால் மட்டுமே திரவமாக்க முடியுமா முடியாதா என்பதைத் தீர்மானிக்கும் ஒரு வெப்பநிலை உண்டு, அதை அவதி வெப்பநிலை என்கிறோம். அதற்கு மேலே இருந்தால் எவ்வளவு அமுக்கினாலும் திரவமாகாது, அதுதான் கண்டிப்பான அர்த்தத்தில் வாயு. அதற்குக் கீழே இருந்தால் அமுக்க அமுக்கத் திரவமாகும், அதை ஆவி என்று சொல்வது சரியே. நைதரசு ஒட்சைட்டுக்கு அந்த எல்லை 36.4 பாகை செல்சியஸ். பிரிஸ்டல் குளிரில் அது ஐயமில்லாமல் ஆவி. எங்கள் வகுப்பறையிலும் ஆவிதான். வத்தளை வெயிலில் கண்ணாடி மூடி நிறுத்திய வேனுக்குள் வைத்தால் மட்டும் வாயுவாகிவிடக்கூடும்.

இது வெறும் சொல் விளையாட்டல்ல. ஒட்சிசனின் எல்லை பூச்சியத்துக்குக் கீழே ஏறத்தாழ 119 பாகை. ஆகவே ஆஸ்பத்திரியில் சாதாரண ஒட்சிசன் சிலிண்டருக்குள் இருப்பது அமுக்கிய வாயு. பாவிக்கப் பாவிக்க அழுத்தமானியின் முள் படிப்படியாக இறங்கும், எவ்வளவு மிச்சம் என்று முள்ளைப் பார்த்தே சொல்லலாம். நைதரசு ஒட்சைட்டுச் சிலிண்டருக்குள் இருப்பதோ பெரும்பாலும் திரவம், அதன்மேல் ஆவி. ஆவி வெளியே போகப் போகத் திரவம் மாறி அந்த இடத்தை நிரப்பும். அதனால் திரவம் தீரும் வரை முள் பெரிதாக அசையாது, தீர்ந்ததும் மளாரென்று விழும். எவ்வளவு மிச்சம் என்று அறிய வேண்டுமானால் சிலிண்டரை நிறுத்துத்தான் பார்க்க வேண்டும். ஒரு இயைபுச் சொல்லைக் காப்பாற்றப் போய் மயக்கமருந்துத் தாதியர் தெரிந்திருக்க வேண்டிய ஒன்றைப் பிள்ளைகள் படித்துவிட்டார்கள். ஆவி பிழைத்தது.

அடுத்த இரண்டு வரிக்கு விஷயம் டேவியின் புத்தகத்திலேயே கிடைத்தது. அவருக்கு ஞானப்பல் முளைத்து முரசு வீங்கியிருக்கிறது. அந்த நோவோடு நைதரசு ஒட்சைட்டை இழுத்தபோது, நான்கைந்து மூச்சிலேயே வலி குறைந்ததாகவும், தெளிந்ததும் வலி திரும்பி வந்ததாகவும் எழுதுகிறார். சத்திரசிகிச்சையில் இதைப் பாவிக்கலாம் போலும் என்று 1800இல் வெளியான அந்தப் புத்தகத்தில் ஒரு குறிப்பும் போட்டார். பிறகு என்ன நடந்தது? அநேகமாக ஒன்றும் நடக்கவில்லை. பல்லைக் குறட்டால் பிடுங்கும்போது ஆட்கள் கத்திக்கொண்டே இருந்தார்கள். அந்த ஆவி மட்டும் விருந்துகளிலும் காசு வாங்கும் வேடிக்கைக் காட்சிகளிலும் சிரிப்புக்காகச் சுற்றியது. 1844 டிசம்பரில் அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்ட் நகரில் அப்படியொரு காட்சி நடந்தது. ஆவியை இழுத்துக் குதித்த ஒருவரின் காலில் பலமாக அடிபட்டது, ஆனால் அவருக்கு அது தெரியவே இல்லை. பார்வையாளர் வரிசையில் இருந்து அதைக் கவனித்தவர் ஹொரஸ் வெல்ஸ் என்ற பல் வைத்தியர். மறுநாளே அதே ஆவியை இழுத்துவிட்டுத் தன் பல் ஒன்றைப் பிடுங்குவித்துக்கொண்டார். 1800இலிருந்து 1844 வரை, நாற்பத்து நான்கு வருடம்! கண்டுபிடித்ததும் ஒரு நகைச்சுவை மாலையில்!

நான்காம் வரியில் முதலில் “எவர் காதிலும்” என்று இருந்தது. அதையும் பிள்ளைகள் வெட்டினார்கள், ஏனென்றால் டேவியின் கூட்டாளிகள் அந்த ஆவியைப் பற்றி நன்றாகவே அறிந்திருந்தார்கள். கோல்ரிட்ஜ், சதி போன்ற கவிஞர்களே இழுத்துப் பார்த்திருக்கிறார்கள். இறுதி வடிவம் இது:

ஹம்ப்ரி டேவி
தானே இழுத்துப் பார்த்தார் சிரிப்பூட்டும் ஆவி;
நோவெடுத்தது ஞானப் பல்லு,
ஆவியை இழுத்தால் நோவு குறையும் என்று அவர் எழுதியும் நாற்பத்து நான்கு வருடம் பல் வைத்தியர் காதில் ஏறவில்லை அந்தச் சொல்லு.

வாசிக்கும் முறையும் சொல்ல வேண்டும். பெயரைச் சொன்னதும் ஒரு கணம் நிறுத்த வேண்டும். நான்காம் வரியை ஒரே மூச்சில், நடுவில் நிறுத்தாமல் ஓட வேண்டும். ஒத்திகையில் ஒரு பிள்ளை அதை அழகாக இரண்டாக மடித்து வாசித்தது, சபை அமைதியாக இருந்தது. அடுத்த முறை மூச்சு வாங்க ஓடி “சொல்லு”வில் விழுந்தது, வெடித்துச் சிரித்தார்கள். ஒரு எழுத்தும் மாறவில்லை.

மேரி கியூரியில் எங்களுக்குக் கிடைத்த இயைபு “ஜூரி”. நோபல் ஜூரி அவரது பெயரை மறந்தது என்று ஒரு மாணவி எழுதினார், சபையில் கைதட்டு வாங்கக்கூடிய வரி. ஆனால் அது ஜூரிக்குச் செய்யும் அநியாயம். 1903ஆம் ஆண்டுப் பரிசுக்கு பியேர் கியூரியையும் பெக்கரலையும் மட்டும் பிரேரித்துக் கடிதம் அனுப்பியவர்கள் பிரெஞ்சு விஞ்ஞானிகள். பெயரை விட்டவர்கள் அவர்களே. சுவீடனிலிருந்த கணிதவியலாளர் மிட்டாக்-லெஃப்ளர் இதைப் பியேருக்குத் தெரிவிக்க, மனைவியையும் சேர்த்தே கருத வேண்டும் என்று பியேர் பதில் எழுதினார். மேரியும் பரிசில் சேர்க்கப்பட்டார். வரியை எழுதிய மாணவியே அதைத் திருத்தினார்:

மேரி கியூரி
பெயர் இல்லாத கடிதம்தான் பெற்றது நோபல் ஜூரி;
முடிவில் பெக்கரலுக்குப் பரிசில் பாதி,
மற்றப் பாதியைப் பங்கு போட்டுக்கொண்டனர் புருஷன் பெண்சாதி.

பழி ஜூரியிலிருந்து கடிதத்துக்கு மாறியதில் சிரிப்பு கொஞ்சம் குறைந்தது, உண்மைதான். கடைசி வரி அதை ஈடுசெய்தது. பெண்கள் பக்கத்து வாங்குகளில் இருந்து வந்த சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

எங்கள் முன்னோர் ஒருவரும் வேண்டும் என்று எல்லோருமே கேட்டார்கள். ஒளியியலின் முன்னோடி இப்னுல் ஹைதமைத் தெரிவு செய்தோம். நைல் நதியின் வெள்ளத்தைக் கட்டுப்படுத்தலாம் என்று சொல்லி எகிப்துக்குப் போனாராம். ஆற்றை நேரில் பார்த்ததும் முடியாது என்று விளங்கிவிட்டதாம். ஆட்சியிலிருந்த ஹாக்கிம் கடும் கோபக்காரர் என்பதால், புத்தி பேதலித்தவர் போல நடித்து, ஹாக்கிம் இறக்கும் வரை வீட்டுக்குள்ளேயே இருந்தாராம். கதை இனிக்கிறது. ஆனால் இதை எழுதிவைத்த இப்னுல் கிஃப்தி இரு நூற்றாண்டு பிந்திய ஆள். ஆர்க்கிமிடீஸை வெட்டிய நாங்கள் நம்மவர் என்பதற்காக இவரை விட முடியுமா? பிள்ளைகளே அதைக் கேட்டார்கள்.

வழியைக் காட்டியது தமிழ். “ஆம்” என்ற ஒரு வாலைச் சேர்த்தால் போதும், சொல்பவர் பொறுப்பேற்காமல் கேள்விப்பட்டதைச் சொல்கிறார் என்று அர்த்தம். ஆங்கிலத்தில் இதற்கு ஒரு வாக்கியமே தேவைப்படும்.

இப்னுல் ஹைதம்
நடித்தாராம் பைத்தியம்;
அணை போட்டாலும் அடங்காதாம் நைல்,
அதை ஹாக்கிமிடம் நேரே போய்ச் சொன்னால் கிடைப்பது ஜெயிலாம், ஜெயில்.

இதே சலுகையில் ஆர்க்கிமிடீஸும் “ஓடினாராம்” என்று திரும்பி வரலாமே என்று ஒரு குரல் எழுந்தது. ஆதாரம் போதும், உடுப்புத்தான் போதாது என்று தீர்ப்பு. ஹைதம், பைத்தியம் என்பது முழு இயைபல்ல என்பதையும் ஒப்புக்கொள்கிறோம். கிளெரிஹியூவில் கொஞ்சம் இழுத்துக் கட்டிய ஒலியும் செல்லும், ஒலி இழுபடுவது தெரிவதே ஒரு பகிடி. இஸ்லாம் பாட ஆசிரியர் இரண்டு “ஆம்”களையும் ஜெயிலாமையும் விரல் விட்டு எண்ணிவிட்டு, “மூன்றும் இருக்கட்டும்” என்றார்.

மூன்றாம் தவணைக்கு மெண்டலீவ் காத்திருக்கிறார். “லீவ்” என்ற இயைபு தயாராக இருக்கிறது. ஆசிரியர் அறையில் இதைச் சொன்னபோது விழுந்து விழுந்து சிரித்தார்கள், காரணம் சொல்லத் தேவையில்லை. ஆனால் மெண்டலீவ் லீவ் எடுத்த ஒரு நாளை, திகதியோடு, நம்பகமான ஒரு புத்தகத்திலிருந்து யாராவது கொண்டுவர வேண்டும். மூன்றாம் நான்காம் வரியை அதற்குப் பிறகுதான் தொடுவோம் என்று பிள்ளைகள் சொல்லிவிட்டார்கள். மாபோலை, ஹுணுப்பிட்டிப் பக்கம் வீட்டில் பழைய இரசாயனவியல் வரலாற்றுப் புத்தகம் வைத்திருப்பவர்கள் பிள்ளைகளிடம் கொடுத்து அனுப்புங்கள். அட்டை போட்டுப் பத்திரமாகத் திருப்பித் தருவோம், இன்ஷா அல்லாஹ்.